'15 நாளில் டெலிவரி கேரண்டி' என்று அனுப்பிய மெசேஜ் என்னைக் கட்டிப்போடுமா?

கேள்வி: திருப்பூரில் சின்ன அளவில் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறேன். புது ஆர்டர் பிடிக்க, சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் "ஆர்டர் கொடுத்த 15 நாளில் டெலிவரி கேரண்டி" என்று அனுப்பினேன். சென்னையில் ஒரு நிகழ்ச்சி நடத்தும் நிறுவனம் மாரத்தானுக்காக 600 பீஸ், பீஸ் 210 ரூபாய் என்று ஆகஸ்ட் 1-ல் ஆர்டர் போட்டு 50,400 அட்வான்ஸ் அனுப்பியது. டிசைனை அவர்கள் இறுதி செய்தது 5-ந் தேதி. 350 பீஸ் 18-ந் தேதி போய்ச் சேர்ந்தது. ஓட்டம் 21-ந் தேதி. மீதி 250 சேர்ந்தது 25-ந் தேதி. இறக்கிக்கொண்டார்கள். 31-ந் தேதி கடிதம் வருகிறது: வெளியில் 250 பீஸை 300 ரூபாய்க்கு வாங்க வேண்டியதாயிற்று, ஸ்பான்சரும் ஒரு லட்சம் பிடித்துக்கொண்டார், அதனால் பாக்கி 75,600 கிடையாது, மேற்கொண்டு நீதான் தரவேண்டும் என்று. விளம்பர மெசேஜ் எல்லாம் ஒப்பந்தம் ஆகுமா? இனி என்ன எழுதி அனுப்புவது?

பதில்: பொதுவாக நாலு பேருக்கு ஒரே மாதிரி அனுப்பும் விளம்பர மெசேஜ் ஒப்பந்தம் ஆகாது. "வாருங்கள், பேசலாம்" என்ற அழைப்பாகத்தான் சட்டம் அதைப் பார்க்கும். ஆனால் நீங்கள் இணைத்த பர்ச்சேஸ் ஆர்டரின் கடைசி வரியைப் பார்த்தேன். "டெலிவரி: தங்கள் மெசேஜில் சொன்னபடி" என்று இருக்கிறது. அதை ஏற்று அட்வான்ஸையும் வாங்கிவிட்டீர்கள். அந்த ஒரு வரியால் உங்கள் 15 நாள் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. வெறும் விளம்பரம்தானே என்ற வாதத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து, 15 நாள் எங்கிருந்து? டிசைன் இறுதியான 5-ந் தேதியிலிருந்து என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அப்படி எண்ணினால் கெடு 20-ந் தேதி. முதல் 350 பீஸ் தப்பித்துவிடும், 250 தப்பாது. உங்கள் மெசேஜோ "ஆர்டர் கொடுத்த" என்கிறது. நீங்கள் எழுதிய சொல்லில் சந்தேகம் வந்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் கெடு 16. எப்படி எண்ணினாலும் 250 பீஸ் தாமதம்தான். முதல் லாட் ஓட்டத்துக்கு முன்பே போய்விட்டதால் அதில் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

இந்த ஒப்பந்தத்தில் காலம் முக்கிய அம்சமா என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். வணிக ஒப்பந்தங்களில் காலம் பொதுவாக முக்கியமானதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதைவிட வலுவான சாட்சி டி-ஷர்ட்டேதான். நெஞ்சில் மாரத்தானின் பெயர், அதன் கீழே தேதி. அதை அச்சடித்தவர் நீங்கள். எந்த நாளுக்குத் தேவை என்று தெரியாது என்று சொல்ல வழியில்லை.

இனி உங்களுக்குச் சாதகமானது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 55-வது பிரிவில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. காலம் முக்கியமான ஒப்பந்தத்தில், கெடு தாண்டி வந்த சரக்கை ஒருவர் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கு இழப்பீடு கேட்கப்போகிறேன் என்று ஏற்கும் நேரத்திலேயே அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. அவர் 25-ந் தேதி பெட்டிகளை இறக்கினார், கடிதம் எழுதியது 31-ல். அதோடு, 22-ந் தேதி, அதாவது ஓட்டம் முடிந்த மறுநாள், அவர் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்: "மிச்ச பீஸையும் அனுப்பிடுங்க, வாலண்டியர்களுக்குக் கொடுக்கணும்." நஷ்டஈடு பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இந்த மெசேஜ்தான் உங்கள் வழக்கின் உயிர். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள்; கோர்ட்டில் மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது தேவைப்படும்.

ஆனால் இதை வைத்து மார்தட்ட வேண்டாம். காலம் முக்கியமில்லாத ஒப்பந்தம் என்று கோர்ட் முடிவு செய்தால், அந்த மூன்றாவது பத்தி வராது, இரண்டாவது பத்தி வரும். அதில் இழப்பீடு கேட்க இந்த அறிவிப்பு நிபந்தனை இல்லை. 25-ந் தேதி போனில் சொன்னேன் என்று அவர் சாட்சி சொன்னாலும் சிக்கல்தான். ஆகவே மோசமான பக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

73-வது பிரிவின்படி இயல்பாக விளையும் நஷ்டமும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டமும்தான் கிடைக்கும். ஸ்பான்சர் பிடித்த ஒரு லட்சம் பற்றி ஆர்டரிலோ மெயிலிலோ எதுவும் இல்லை. அது உங்கள் தலையில் விழ வாய்ப்பு குறைவு. வெளியில் வாங்கிய 250 பீஸ் வேறு கதை. உங்கள் விலையைவிட பீஸுக்கு 90 ரூபாய் கூடுதல், மொத்தம் 22,500. அவர் உங்கள் 250 பீஸைத் திருப்பியே அனுப்பியிருந்தால், 350 பீஸின் விலை 73,500-ல் அட்வான்ஸும் இந்த 22,500-ம் போக உங்களுக்கு வரவேண்டியது வெறும் 600 ரூபாய். ஏற்றுக்கொண்டுவிட்டார், அறிவிப்பும் இல்லை என்று கோர்ட் பார்த்தால் முழு 75,600. நான் உங்கள் வக்கீலாக இருந்தால், 22,500-ஐ விட்டுக்கொடுத்து 53,100 கேட்டுப் பதில் நோட்டீஸ் அனுப்புவேன். பேச்சுவார்த்தையில் 40,000-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

ஆர்டருக்கு முன்பே உத்யம் பதிவு வைத்திருந்தால், சிறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில வசதி மன்றத்துக்கும் போகலாம். வட்டி கடுமையாக ஏறும் என்பதால் எதிராளி பேச வருவார். ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்திருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்டதே எந்த நாள் என்று அங்கும் தகராறு செய்வார்.

சரி, இனி மெசேஜுக்கு வருவோம். 15 நாள் என்று எங்கிருந்து எடுத்தீர்கள் என்று போனில் கேட்டேன், "நல்லா போனா பதினஞ்சுல முடியும்ங்க" என்றீர்கள். உங்கள் ஆர்டர் நோட்டைப் பார்த்தால், துணி ஏற்கெனவே கையில் இருந்த ஒரு வெள்ளை டி-ஷர்ட் ஆர்டர்தான் அப்படி முடிந்திருக்கிறது. கலர் துணிக்கு உங்கள் நோட்டிலேயே இருப்பது: டையிங்கும் காம்பாக்டிங்கும் 7 முதல் 10 நாள், கட்டிங் 1, பிரிண்டிங் 2, தையல் 4, செக்கிங் அயர்ன் பேக்கிங் 1 முதல் 2, பார்சல் லாரி 1 முதல் 2. கூட்டினால் 16-லிருந்து 21. ஒரு நாள்கூட எதுவும் தவறாமல் போனாலும் 15 வராது. இந்த ஆர்டரில் ஷேடு மாறிவிட்டது என்று துணி திரும்ப டையிங்குக்குப் போனது, நடுவில் சுதந்திர தின விடுமுறை வேறு.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. "15 நாளில் தருவேன்" என்பது வாக்கு. "எங்கள் வழக்கமான டெலிவரி 15 நாள்" என்பது இன்றைய நிலையைப் பற்றிய கூற்று. அது உண்மையில்லை என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 18-வது பிரிவின் தவறான எடுத்துரைப்பாகிவிடும். நீங்களே அதை நம்பியிருந்தாலும், நம்புவதற்குக் கையில் தகவல் இல்லாமல் உறுதியாகச் சொன்னால் போதும். கையிலிருந்த நோட்டு 16-லிருந்து 21 என்று சொல்லும்போது, நம்பித்தான் சொன்னேன் என்ற பாதுகாப்பும் இல்லை.

"தேதிக்கு உத்தரவாதம் இல்லை" என்று கீழே பொடி எழுத்தில் போட்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. மேலே சொன்ன அதே 1961 வழக்கு, சைனா காட்டன் எக்ஸ்போர்ட்டர்ஸ் வழக்கு, இதற்கும் உதவும். இறக்குமதி லைசென்ஸைப் பொறுத்தது, ஆகவே சரக்கேற்றும் தேதிக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. லைசென்ஸால் வரும் தாமதத்துக்கு மட்டும்தான் அந்த வரி பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் பொருள்கொண்டது. பொதுவான விலக்கு வரி பெரிதாகக் காப்பாற்றாது. எது, எதனால், எத்தனை நாள் என்று சொன்னால்தான் நிற்கும்.

கடைசி பத்து கலர் ஆர்டர்களை எடுத்து, டிசைன் இறுதியான நாளிலிருந்து லாரியில் ஏற்றிய நாள்வரை வேலை நாள்களை எண்ணுங்கள். சராசரி எடுக்காதீர்கள், சராசரி சொன்னால் பாதி ஆர்டரில் வாக்குத் தவறுவீர்கள். பத்தில் ஒன்பது ஆர்டர் எந்த எண்ணிக்கைக்குள் முடிந்ததோ அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு அது 22 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"கலர் டி-ஷர்ட், 600 பீஸ் வரை: அட்வான்ஸ் வந்து, டிசைனும் சைஸ் பட்டியலும் எழுத்தில் இறுதியான நாளிலிருந்து 22 வேலை நாளில் திருப்பூரிலிருந்து அனுப்புவோம். லாரிப் பயணம் தனி. ஸ்டாக்கில் உள்ள வெள்ளை: 12 வேலை நாள். குறிப்பிட்ட தேதிக்கு வேண்டுமானால் ஆர்டருக்கு முன் சொல்லுங்கள். முடியுமா முடியாதா என்று எழுதித் தருவோம். தீபாவளி சீசனில் நாள்கள் மாறும்."

'டெலிவரி' என்ற சொல்லை இதில் வேண்டுமென்றே தவிர்த்தேன். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே பொதுவாக வாங்குபவருக்குக் கொடுத்த மாதிரி. ஆனால் சென்னையில் இருப்பவர் 'டெலிவரி' என்றால் தன் வாசலில் பெட்டி இறங்குவதைத்தான் நினைப்பார். 'அனுப்புவோம்' என்று எழுதினால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

22 நாள் என்றால் பக்கத்துத் தெரு 15 சொல்கிறானே, ஆர்டர் போய்விடாதா என்ற உங்கள் கவலை நியாயம்தான். சில ஆர்டர் போகும். இந்த மாரத்தான் ஆர்டரை அன்றே 22 என்று சொல்லியிருந்தால் அது உங்களுக்கு வந்திருக்காது. இன்று 75,600-க்காக எனக்கு எழுதிக்கொண்டும் இருக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. பழைய மெசேஜைப் பார்த்து நான்கு கம்பெனிகள் விலை கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் இருவருக்கு 15 நாள் என்று கொட்டேஷனும் போய்விட்டது. இன்னும் ஆர்டர் போடாதவரை அதைத் திரும்பப் பெற ஒப்பந்தச் சட்டத்தின் 5-வது பிரிவு இடம் தருகிறது. அவர்கள் சம்மதித்து மெயில் அனுப்பிவிட்டால் முடியாது. இன்று சாயங்காலத்துக்குள் இருவருக்கும் புது நாள்கணக்கோடு திருத்திய கொட்டேஷனை அனுப்பி, பழையது ரத்து என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். சென்னைக் கடிதத்துக்கான பதிலை அப்புறம் பார்க்கலாம்; அதற்கு இந்த வாரம் முழுக்க இருக்கிறது.