ஃபெர்ன்வேயும் வெல்ட்ஷ்மெர்ட்ஸும்: எதை எப்போது சொல்வது?

கேள்வி: ஜெர்மன் படிக்கிறேன். ஃபெர்ன்வே, வெல்ட்ஷ்மெர்ட்ஸ் இரண்டுமே ஒருவித ஏக்கம் என்றுதான் புரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முதலாவது ஏக்கம்தான். இரண்டாவது ஏக்கமே இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபெர்ன்வேயைப் புரிந்துகொள்ள அதற்கு முந்திய ஹைம்வே என்ற சொல்லைப் பாருங்கள். ஊரை விட்டு வந்தவருக்கு வரும் வீட்டு நினைப்பு அது. 1688-இல் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஒரு நோயாகவே ஆராய்ந்து, கிரேக்க வேர்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்தார். அந்த ஹைம்வேயைத் தலைகீழாகத் திருப்பினால் ஃபெர்ன்வே: வீட்டில் இருப்பதே நோவாகி, தொலைவு இழுப்பது. 'வாண்டர்லுஸ்ட்' இதற்கு ஈடாகாது. ஜெர்மானியர் காதில் அது பெரும்பாலும் காடு மலை நடந்து திரியும் ஆசை. அதில் இன்பம் இருக்கிறது, நோவு இல்லை.

வெல்ட்ஷ்மெர்ட்ஸ் கதை வேறு. எழுத்தாளர் ஜான் பால் 1825-இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்த அவருடைய 'செலினா'வில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அது மனிதருடைய வலி அல்ல, கடவுளுடையது. மனிதர் படும் எல்லா வேதனையையும் ஒருசேரப் பார்ப்பவர் அவர் ஒருவரே. பின்னால் வரப்போகும் பேரின்பத்தையும் பார்ப்பதால்தான் அவரால் அதைத் தாங்க முடிகிறதாம். பிறகு சொல் மனிதருக்கு இறங்கி வந்தது. உலகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லையே என்ற துயரம் என்பதே இன்றைய பொருள். சொந்த இழப்புக்கு இதைச் சொன்னால் தவறு. காதல் முறிந்தவருக்கு வருவது லீபெஸ்கும்மர்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாத ஹாம்பர்க், மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். துறைமுகத்தில் புறப்படும் கப்பலைப் பார்த்து அவர் மனம் கனக்கிறது. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தால் கனம் இறங்குமா? இறங்கினால் ஃபெர்ன்வே. போகிற ஊரிலும் போரும் பசியும்தானே என்று அவர் கப்பலேறிய பின்னும் குமைந்தால் வெல்ட்ஷ்மெர்ட்ஸ்.

பேசும்போது 'இஷ் ஹாபெ ஃபெர்ன்வே' என்றால் போதும், முன்னால் 'ஐன்' வேண்டாம். குறிப்பிட்ட ஓர் ஊரோ ஆளோ மனதில் இருந்தால் 'ஸேன்ஸுஹ்ட் நாஹ்' என்று சொல்லி அந்தப் பெயரைச் சேர்ப்பதே இயல்பு. ஃபெர்ன்வேக்கு முகவரி தேவையில்லை. வெல்ட்ஷ்மெர்ட்ஸில் மட்டும் கவனம் வேண்டும். பேச்சுவழக்கில் அது பாதிக் கேலியாகவே வரும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோக கீதம் கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. உண்மையான மனச்சோர்வை மருத்துவரிடம் சொல்லும்போது அதைத் தவிர்த்து, 'டெப்ரெஸியோன்' என்றே சொல்லுங்கள்.