18 தாண்டின பிள்ளைக்கு வருமான வரி நோட்டீஸ்: கார்டியன் கேள்வி பதில்

குடியாத்தம் அக்கா: என் பையனுக்கு 22 வயசு, அறிவுசார் குறைபாடு. அவங்க அப்பா போனதும் வந்த பணத்த அவன் பேர்ல எஃப்டி போட்டோம். இப்ப வட்டிய காட்டி அவன் பான் நம்பருக்கு நோட்டீஸ் வந்துகீது. நானே கையெழுத்து போட்டு பதில் குடுக்கலாமா?

பதில்: அக்கா, 18 வயசு வரைக்கும் நீங்க இயல்பாவே கார்டியன், அதுக்கப்புறம் தாயா இருந்தாலும் சட்டப்படி ஒரு ஆர்டர் வேணும். இவன மாதிரி பிள்ளைங்களுக்கு நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில லோக்கல் லெவல் கமிட்டி இருக்கு, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல கேட்டா விண்ணப்பம் சொல்லுவாங்க. யூடிஐடி கார்டு, வயசுக்கு ஆதாரம், உங்க ரெண்டு பேர் ஆதார், உறவுக்கு ஆதாரம் எடுத்துட்டு போங்க. ஆர்டர் வந்ததும் வரி போர்ட்டல்ல உங்க லாகின்ல Authorised Partners உள்ள Register as Representative போயி அவன் பான், உங்க பான், ஆர்டர் மூணையும் ஏத்துங்க. வரித்துறை அப்ரூவ் பண்ணாதான் அவனுக்காக பதில் போட முடியும். பதில்ல எஃப்டி பணம் எங்கருந்து வந்துச்சுன்னு எழுதி பேங்க் வட்டி சர்டிபிகேட்டயும் அப்பாவோட இறப்பு சான்றிதழயும் சேருங்க.

ஆம்பூர் தம்பி: ஆர்டர்லாம் எதுக்கு சார், டாக்டர் சர்டிபிகேட் இருந்தா போதும்னு எங்க ஆடிட்டர் சொன்னாரே?

பதில்: பாதி சரி தம்பி. அது குறைபாட்டுக்கு ஆதாரம், நீங்கதான் பொறுப்புன்றதுக்கு இல்ல. நீங்க ஆம்பூர், அதனால இப்ப திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ்தான் போகணும்.

ஆற்காடு அண்ணன்: என் தம்பிக்கு கால் வராது, நானும் கமிட்டிக்கு எழுதணுமா?

பதில்: வேணாம்ணே, தம்பிக்கு புத்தி தெளிவா இருக்குல்ல, அவரே பதில் போடலாம், கணக்கும் அவரோடது. முடியலன்னா பவர் ஆஃப் அட்டர்னி குடுத்து உங்கள வச்சு போடலாம்.

காட்பாடி அம்மா: என் பொண்ணுக்கு 12 வயசு, நல்லாதான் இருக்கா, அவ எஃப்டி வட்டிக்கும் மெசேஜ் வந்துச்சு.

பதில்: அம்மா, மைனர் வட்டி அப்பா அம்மால யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேரும். உங்க ரிட்டர்ன்ல காட்டிட்டீங்கன்னா வரி போர்ட்டல்ல பொண்ணோட வருமான விவரம் காட்டற ஏஐஎஸ்ல Information relates to other PAN/Year குடுத்து உங்க பான் போடுங்க, பிறப்பு சான்றிதழும் ரிட்டர்ன் காப்பியும் கையில இருக்கட்டும். ஆனா சட்டம் சொல்ற அளவுக்கு ஊனம் இருக்கற மைனரோட வருமானம் பெத்தவங்க கணக்குல சேராது, அந்த பிள்ள பேர்லயே கார்டியன் ரிட்டர்ன் போடணும். இத பல பேர் மாத்தி செஞ்சிடறாங்க.

குடியாத்தம் அக்கா: கமிட்டி ஆர்டர் வர்றதுக்குள்ள நோட்டீஸ் தேதி முடிஞ்சிடுமே?

பதில்: சும்மா விட்டுடாதீங்க அக்கா, கமிட்டிக்கு குடுத்த விண்ணப்பத்தோட ரசீத காட்டி, தேதி முடியறதுக்கு முன்னாடியே டைம் கேளுங்க. ஆபீசர் குடுக்கறது அவர் கையில, நிச்சயமா குடுப்பார்னு என்னால சொல்ல முடியாது, ஆனா எழுத்துல கேட்டது பதிவுல நிக்கும்.