மூணு கால் அடிபம்பு, கிணற்று ராட்டினம், தொட்டி: எந்த வகை?

"தாத்தா ஊரில் எடுத்த போட்டோ இது. அடிபம்பு, கிணற்று ராட்டினம், பின்னால் ஒரு தொட்டி. என்னென்ன வகை என்று சொல்ல முடியுமா?"

பம்பு இந்தியா மார்க் குடும்பம். பெட்டி போன்ற இரும்புத் தலை, நேரான கம்பிக் கைப்பிடி, சிமெண்ட் மேடையில் புதைந்த மூன்று கால்கள் என எல்லாம் பொருந்துகின்றன. தலையின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சங்கிலி தெரியும்; கைப்பிடியை அழுத்தும்போது அதுதான் கீழே உள்ள கம்பியைத் தூக்குகிறது. வளைந்த கைப்பிடியும் ஒடுங்கிய வார்ப்பிரும்பு உடலும் இருந்தால் அது வீட்டுப் பம்பு. உறிஞ்சி இழுப்பதால் சுமார் 7 மீட்டருக்குக் கீழே போன தண்ணீர் அதற்கு எட்டாது.

மார்க் 2-ஆ 3-ஆ என்பதை மட்டும் போட்டோவை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. ஊரில் பழுது பார்த்ததைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். வாஷர் மாற்ற மொத்தக் குழாயையும் மேலே இழுத்தார்கள் என்றால் 2. குழாய் அப்படியே இருக்க, கம்பியும் பிஸ்டனும் மட்டும் வெளியே வந்தால் 3. அதன் குழாய் அகலமானது.

ராட்டினம் வார்ப்பிரும்புதான், கயிறு ஓடும் பள்ளம் நன்றாகத் தெரிகிறது. பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது பாருங்கள், கயிற்றை எப்போதும் பக்கவாட்டில் நின்று இழுத்திருக்கிறார்கள்.

தொட்டியைப் பெரிய மேல்நிலைத் தொட்டி என்று எண்ண வேண்டாம். தாழ்வான கட்டுமேடையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அடியிலேயே குழாய்கள்: ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் நிரப்பும் சின்டெக்ஸ் அமைப்பு. அப்புறம், பம்பின் அடியிலிருந்து ஒயரோ கறுப்பு ஹோஸோ வெளியே வருகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வந்தால் மோட்டாரை அதே துளையில்தான் இறக்கியிருக்கிறார்கள்.