விடைத்தாளை அனுப்பச் சொல்லி எழுதிய பிறகு

கேள்வி: ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட்., ஒன்பது வருட அனுபவம். ப்ரொஃபைல் போட்டு ஐந்து மாதம் ஆகியும் சரியான விசாரணை ஒன்றுகூட வரவில்லை. என்ன எழுதினால் பெற்றோர்கள் கூப்பிடுவார்கள்?

பதில்:

உங்கள் சுயவிவரத்தை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அது பட்டங்களில் தொடங்கி, "6 முதல் 12 வரை, ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. அனைத்தும்" என்ற வரியில் முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்து நான் எழுதிய முதல் சுயவிவரம் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மாசத்துக்கு எவ்வளவு மேடம்?" தொகையைச் சொன்னதும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். அத்தோடு சரி.

அவர்கள் மீது எனக்கு அப்போது கோபம் இருந்தது. பிறகு ஒரு நாள் இரவு, பெற்றோர் தேடுவதைப் போல நானே என் ஊரின் பெயரையும் "பிளஸ் டூ கணக்கு" என்பதையும் இட்டுத் தேடிப் பார்த்தேன். கைப்பேசித் திரையில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு புகைப்படமும் இரண்டு வரிகளும் மட்டுமே தெரிந்தன. மீதியைப் படிக்க வேண்டுமானால் தொட்டுத் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரிகளில் நாங்கள் அனைவரும் எம்.எஸ்சி., பி.எட். என்றும், எளிய முறையில் கற்பிப்போம் என்றும், தனிக்கவனம் செலுத்துவோம் என்றும் எழுதியிருந்தோம். எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது, ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோருக்குக் கட்டணத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். 2022 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கொடுக்கப்பட்ட வாரத்தில், பழைய சக ஆசிரியை ஒருவரின் தங்கை என்னை அழைத்தார். "வீட்டுல உக்காந்து எல்லாக் கணக்கையும் போடுறான் டீச்சர், பரீட்சையில மட்டும் மார்க் வரமாட்டேங்குது, ஏன்னே தெரியல" என்றார். விளக்கம் சொல்லத் தெரியாமல், விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் பையன் 47 வாங்கியிருந்தான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணக்குத் தாள் எப்படிப் பிரிகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்று மதிப்பெண்ணில் 7, ஐந்து மதிப்பெண்ணில் 7. அவன் அவற்றில் முறையே 15, 8, 11, 13 எடுத்திருந்தான். இழந்த 43 மதிப்பெண்ணில் 22 ஐந்து மதிப்பெண் பகுதியில் மட்டும் போயிருந்தது. அந்த ஏழில் இரண்டு கணக்குகளை அவன் தொடவே இல்லை, அங்கே 10 போய்விட்டது. மீதி ஐந்தையும் சரியாகத் தொடங்கி, நடுவில் ஏதோ ஒரு படியில் குறியையோ பெருக்கலையோ தவறவிட்டு, தவறு எங்கே என்று தேடி அடித்து அடித்து எழுதியிருந்தான். தொடாத இரண்டுக்கு நேரம் இல்லாமல் போனதற்கும் அந்த அடித்தல்கள்தான் காரணம் என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. இதை நான்கு வரிகளில் எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்து, எப்போது வகுப்பு தொடங்கலாம் என்று கேட்டார். என் பட்டத்தைப் பற்றியோ கட்டணத்தைப் பற்றியோ அவர் அப்போது விசாரிக்கவில்லை.

அன்று இரவே சுயவிவரத்தின் முதல் இரண்டு வரிகளை மாற்றினேன். இன்றுவரை ஏறக்குறைய இதே வடிவில்தான் வைத்திருக்கிறேன்:

"பிளஸ் டூ கணக்கு, மாநிலப் பாடத்திட்டம் மட்டும் (தமிழ் வழி, ஆங்கில வழி). கடைசித் தேர்வின் விடைத்தாளை அனுப்புங்கள். மதிப்பெண் எந்த இடத்தில் போகிறது என்று பார்த்து எழுதி அனுப்புகிறேன், அதற்குக் கட்டணம் இல்லை."

முதல் வரியில் இருக்கும் "மட்டும்" என்ற சொல்லை எழுதக் கை நடுங்கியது உண்மை. வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் விரட்டுகிறோமே என்று தோன்றியது. ஆனால் பிளஸ் டூ பையனின் தந்தைக்கு, ஆறாம் வகுப்பு முதல் எல்லாம் எடுக்கும் ஆசிரியரைவிட இதை மட்டுமே எடுப்பவர் மேல் நம்பிக்கை பிறப்பது இயல்புதான். இந்த வகுப்பில் கணக்குக்கென்று ஒரு தனிப் பதற்றமும் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃபில் இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டுச் சேர, கணக்கு மதிப்பெண் முழுதாகச் சேர்கிறது. கணக்கில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் ஒன்று. இயற்பியலில் கூடினால் அரைதான். பெற்றோர் இதை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் நடு இரவில் தேடுவதும் இதற்காகத்தான்.

பட்டத்தை மறைக்கச் சொல்கிறேனா என்று யாராவது பின்னூட்டத்தில் சண்டைக்கு வரக்கூடும். மறைக்கச் சொல்லவில்லை. என் எம்.ஃபில். இன்றும் அங்கே இருக்கிறது, ஏழாவது வரியில்.

அடுத்தது அறிமுகக் காணொளி. முதலில் நான் புடவையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்து மூன்று நிமிடம் என்னைப் பற்றிப் பேசியிருந்தேன். இப்போது இருப்பது 80 விநாடிக் காணொளி. கைப்பேசியை மேலிருந்து கீழ்நோக்கி நிறுத்தி எடுத்தது. அதில் என் கையும் ஒரு தாளும் ஒரு கணக்கும் மட்டுமே தெரியும்:

4x² + 9y² − 24x + 36y + 36 = 0

இது நீள்வட்டம். இதன் மையத்தையும் குவியங்களையும் காண வேண்டும். பிள்ளைகள் 4(x² − 6x) + 9(y² + 4y) = −36 என்பது வரை சரியாக வந்துவிடுவார்கள். அடுத்து அடைப்புக்குள் வர்க்கத்தை நிறைவு செய்ய 9-ஐயும் 4-ஐயும் கூட்டும்போது, வலப்பக்கத்திலும் அதே 9, 4 என்று கூட்டிவிடுவார்கள். அடைப்புக்கு வெளியே 4-உம் 9-உம் பெருக்கிக்கொண்டு நிற்பதால் அங்கே கூட்ட வேண்டியது 36-உம் 36-உம் ஆகும். சரியாகக் கூட்டினால் வலப்பக்கம் 36 வரும். தவறாகக் கூட்டினால் −23 வரும். இரண்டு வர்க்கங்களின் கூட்டல் எப்படிக் குறை எண் ஆகும் என்று புரியாமல் பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், பத்து நிமிடம் பறிபோவதும் இந்த இடத்தில்தான். காணொளியில் நான் தவறான வழியை முதலில் எழுதி, −23-ஐச் சுற்றி வட்டமிட்டு, பிறகு திருத்துகிறேன். கணக்குத் தெரியாத பெற்றோர் அதைப் பிள்ளையிடம் காட்டுகிறார்கள். "ஆமா, நானும் இப்படித்தான் போட்டேன்" என்று பிள்ளை சொன்னால் போதும், அழைப்பு வந்துவிடும்.

கட்டணத்தை வெளிப்படையாக எழுதுங்கள். "பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தவரை பேரம் பேசுபவர்களே வந்தார்கள். மாதம் 12 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், தனி வகுப்பு என்றால் ₹3,600 என்று எழுதிய பிறகு அழைப்புகள் குறைந்தன, சேர்பவர்கள் கூடினார்கள்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். விசாரிக்கும் பெற்றோரின் எண்ணைப் பார்ப்பதற்கே ஆசிரியர் பணம் கட்ட வேண்டிய தளம் ஒன்றில் நான் ஓராண்டு இருந்தேன். பணம் கட்டி எண்ணைப் பெற்று அழைத்தால், "உங்களுக்கு முன்னாடியே ஆறு பேர் கூப்பிட்டுட்டாங்கம்மா" என்று அலுத்துக்கொள்வார்கள். ஒரே எண்ணை ஏழு பேருக்கு விற்றால் ஏழாவது ஆளின் சுயவிவரம் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? ஆகவே உங்களுக்கு விசாரணை வராததற்குக் காரணம் முழுவதும் உங்கள் எழுத்துதான் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

மாணவர் கருத்துகளில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். 2023-இல் ஒரு மாணவி 96 வாங்கிய மகிழ்ச்சியில், அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பெயரும் பதிவெண்ணும் தெரியும்படி அப்படியே என் பக்கத்தில் போட்டுவிட்டேன். அவளுடைய தந்தை அழைத்து, மிக அமைதியாக, "என் பொண்ணு நம்பரை யாரைக் கேட்டும்மா போட்டீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை, உடனே நீக்கினேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பயிற்சி மையங்கள் மாணவரின் பெயர், படம், கருத்து ஆகியவற்றை அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்துப்பூர்வமாகத் தரும் ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட மையங்களுக்கு உரியது. என்னைப் போன்ற தனி ஆசிரியர் அதற்குள் வரமாட்டார். இருந்தாலும் அன்றிலிருந்து நான் கேட்டு, எழுதி வாங்கிய பிறகே போடுகிறேன். பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும்.

"சென்டம் உறுதி" என்று எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் எழுதிப் பார்த்தேன். மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் வந்து சேர்ந்து, நூறு வரவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்டவர் ஒருவர் உண்டு. விடைத்தாள் வழிக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்: ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கு அது தேவைப்படாது. அவருக்கு வேண்டியது, வீட்டுப்பாடத்தின்போது அன்றாடம் நடக்கும் சண்டை நிற்பது. அவருக்கு வேறு இரண்டு வரிகளை எழுத வேண்டும்.

நான் முதலில் சொன்ன 47 மதிப்பெண் பையன் பொதுத்தேர்வில் எழுத்துத் தாளில் 68 எடுத்தான். அவன் அம்மா எழுதிய கருத்தில், "நூறு வாங்கவில்லை, ஆனால் இந்த முறை எந்தக் கணக்கையும் விடாமல் எழுதிவிட்டு வந்தான்" என்றிருக்கிறது. கட்டணத்துக்கு மேலே, காணொளிக்குக் கீழே அதை வைத்திருக்கிறேன். அழைக்கும் பெற்றோரில் பலர் அந்த வரியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.