கேப்ஷன் கேட்கும்போது மனநிலையையும் வாசகரையும் சொல்லும் விதம்

"தோவாளையில் மாணிக்கமாலை கட்டி விற்கிறோம். படங்களுக்குக் கேப்ஷன் எழுதித் தரும் செயலியில் மனநிலைக்கு 'மகிழ்ச்சி', வாசகருக்கு 'எல்லோருக்கும்' என்று நிரப்பினால் எந்தப் பூக்கடைக்கும் பொருந்தும் வரிகளே வருகின்றன."

வணக்கம். பிறந்தநாள் ஆரவாரமும், மணமகள் கழுத்தில் மாலை விழும்போது அவளுடைய தாய் கொள்ளும் நிறைவும் 'மகிழ்ச்சி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்குவதால், செயலி இரண்டுக்கும் நடுவான வரியைத் தருகிறது. ஆகவே வேண்டாததையும் சேர்த்து, "அமைதியான பெருமிதம், ஆச்சரியக்குறி வேண்டாம்" என்று எழுதுங்கள். வாசகராக ஒருவரையே குறிப்பிடுங்கள்: "மகளின் திருமணத்துக்கு மாலை தேடும் நாகர்கோவில் தாய்; மாணிக்கமாலையை அறிந்தவர், ஆனால் இன்னும் விலை கேட்காதவர்." அரளிப்பூவும் நொச்சி இலையும் வைத்துக் கட்டியது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையெனில் மல்லிகை மணத்தைப் பற்றிய வரிகள் வந்துவிடக்கூடும். வந்த வரியில் வேறொரு கடையின் பெயரை வைத்துப் படித்தும் பொருந்தினால், உங்கள் குறிப்பு இன்னும் பொதுவாகவே இருக்கிறது.