+30க்கு ஏறிய அழுத்தம் ஏன் அங்கேயே நிற்பதில்லை?

"மிஸ், தாக்க அழுத்த வரைபைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். ஆனால் பூச்சியத்தில் நிற்காமல் ஏன் +30 வரை போகிறது, பிறகு ஏன் இறங்குகிறது என்று வைவாவில் கேட்டால் வாயடைத்துப் போகிறேன். சோடியம்-பொற்றாசியம் பம்பி சோடியத்தை வெளியே தள்ளுவதால்தானே இறங்குகிறது?"
(மருத்துவபீட முதலாம் வருட மாணவி, வெள்ளவத்தை)

பம்பியை முதலில் ஒரு பக்கம் தூக்கி வையுங்கள் தங்கச்சி. கணவாயின் பெரிய நரம்பிழையில் (நாங்கள் டெவல் போட்டுச் சாப்பிடுகிற கணவாயின் சொந்தக்காரன்தான்) நச்சு கொடுத்துப் பம்பியை நிறுத்தினாலும் கணத்தாக்கங்கள் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கணத்தாக்கத்தின்போது உள்ளே வரும் சோடியம் அவ்வளவு கொஞ்சம். பம்பி செறிவு வித்தியாசத்தை நாள் முழுக்கக் காப்பாற்றுகிறது, அந்த ஒரு மில்லிசெக்கனில் ஏறுவதும் இறங்குவதும் கால்வாய்களின் வேலை.

சரி, பூச்சியத்தில் ஏன் நிற்பதில்லை? பூச்சியத்தில் நிற்க வேண்டிய காரணமே இல்லை என்பதுதான் பதில். ஒவ்வொரு அயனும் மென்சவ்வைத் தன் சமநிலை அழுத்தத்தை நோக்கி இழுக்கும். சோடியம் வெளியே 145, உள்ளே 15 மில்லிமோல் என்று வைத்தால் அதன் சமநிலை ஏறக்குறைய +60 மில்லிவோல்ற். பொற்றாசியம் உள்ளே 140, வெளியே 5 என்றால் ஏறக்குறைய -90. எந்த அயனுக்குக் கால்வாய் அதிகம் திறந்திருக்கிறதோ அதன் பக்கம் அழுத்தம் சாயும். ஓய்வில் -70. அதாவது பொற்றாசியத்தின் -90இலிருந்து 20 தூரம், சோடியத்தின் +60இலிருந்து 130 தூரம். குளோரைட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பொற்றாசியத்துக்கான கடத்துதிறன் ஆறரை மடங்கு அதிகம் என்று வரும். உச்சியில் +30. இப்போது சோடியத்துக்கு 30 தூரம், பொற்றாசியத்துக்கு 120. சோடியத்தின் கடத்துதிறன் பொற்றாசியத்தினதைப்போல் நாலு மடங்காகிவிட்டது. நாலுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தால்தான் +60ஐத் தொடாமல் +30இல் நிற்கிறது.

ஹொட்ஜ்கினும் காற்ஸும் 1949இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெளியே சோடியத்தைக் குறைக்கக் குறைக்க உச்சி கீழே இறங்கியது, ஓய்வு அழுத்தம் பெரிதாக அசையவில்லை. சோடியத்தைப் பாதியாக்கினால் அதன் சமநிலை சுமார் 18 மில்லிவோல்ற் இறங்கும், உச்சியும் அதோடு சேர்ந்து இறங்குகிறது.

ஏற்றம் ஏன் அவ்வளவு செங்குத்து என்றால், சோடியக் கால்வாயைத் திறப்பதே அழுத்தம்தான். -55க்குக் கிட்ட வந்ததும் சில திறக்கும், சோடியம் உள்ளே வரும், அழுத்தம் இன்னும் ஏறும், அதனால் இன்னும் பல திறக்கும். தன்னைத்தானே கிளப்பிக்கொள்ளும் ஓட்டம், இடையில் பிரேக் இல்லை.

இனித்தான் பலரும் சறுக்கும் இடம். சோடியக் கால்வாய்க்குத் திறந்தது, மூடியது என்று இரண்டு நிலை மட்டும் என்று நினைத்தால் இறக்கம் புரியவே புரியாது. மூன்றாவதாகச் செயலிழந்த நிலை ஒன்று உண்டு: திறப்பு வாயில் திறந்தபடியே இருக்கும், ஆனால் உட்பக்கத்துச் சிறு புரதத்துண்டு வந்து பாதையை அடைத்துவிடும். திறக்க வைத்த அதே முனைவழிவுதான் அடைக்கவும் வைக்கிறது, கொஞ்சம் பிந்தி, ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனுக்குள். அப்புறம், அழுத்தத்தால் திறக்கும் பொற்றாசியக் கால்வாய்களும் அதே சைகைக்குத்தான் திறக்கின்றன, ஆனால் மெதுவானவை. சோடியப் பாதை அடைபடுகிற நேரத்தில் இவை திறந்து முடிக்க, பொற்றாசியம் வெளியேறி அழுத்தம் -90 பக்கம் இழுபடுகிறது. அவை மூடவும் தாமதிப்பதால்தான் சற்று நேரம் -70க்கும் கீழே போகிறது.

இதில் பொற்றாசியத்துக்கு மட்டும் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். கணவாய் இழையில் பொற்றாசியக் கால்வாயை ரெட்ராஎதில் அமோனியத்தால் அடைத்தாலும் அழுத்தம் இறங்கத்தான் செய்கிறது, மிக மெதுவாக. சோடியம் அடைபட்டதே பாதி வேலை.

செயலிழந்த கால்வாய் நேராகத் திறந்த நிலைக்குத் திரும்பாது. மென்சவ்வு மறுபடி எதிர்மறையானால்தான் அது மூடிய நிலைக்குப் போய், அடுத்த தூண்டலுக்குத் தயாராகும். முழுத் தகையாக் காலத்துக்கு இதுதான் காரணம். வைவாவில் அடுத்து வரக்கூடிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது: இரத்தத்தில் பொற்றாசியம் 5இலிருந்து 10க்கு ஏறினால் ஓய்வு அழுத்தம் -55ஐ நெருங்குமே, நரம்பும் தசையும் இன்னும் சுறுசுறுப்பாக வேண்டாமா? ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் மென்சவ்வு எதிர்மறைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றால், ஒரு கணத்தாக்கமும் எழாமலே சோடியக் கால்வாய்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும், தசை தளரும், இதயத்தில் கடத்தல் மந்தமாகி ஈசிஜீயில் கியூஆர்எஸ் அகலும்.