கூச்ச சுபாவத்துக்கு எந்தத் தொழில் ஏற்றது?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எக்செல் கைவந்த கலை. சொன்ன தேதிக்குள் வேலையை முடித்துவிடுவேன். ஆனால் புது ஆட்களிடம் பேசக் கூச்சம், பேரம் பேசவே வராது. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரலாமா, கணக்குப் பதிவேடுகளை அச்சடித்து விற்கலாமா, எக்செல் டெம்ப்ளேட்டுகளை இணையத்தில் விற்கலாமா? யாரிடமும் பேச வேண்டாமே என்பதால் மூன்றாவதுதான் எனக்குச் சரி என்று படுகிறது.

பதில்: கூச்சத்தை வைத்து முடிவெடுப்பதென்றால், மூன்றாவதைத்தான் நீங்கள் முதலில் தள்ளிவைக்க வேண்டும். டெம்ப்ளேட்டைப் பார்க்கும் நூறு பேரில் ஒருவர் வாங்கினாலே நல்ல விற்பனைதான். அந்தக் கணக்கில் ஐம்பது விற்க ஐயாயிரம் பேர் கண்ணில் பட்டாக வேண்டும். அதற்கு வாராவாரம் காணொளி போடுவதோ எழுதுவதோ முகம் தெரியாதவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதோ உங்கள் வேலையாகிவிடும். கணக்கு எழுதித் தருவதற்கோ நான்கைந்து வாடிக்கையாளர்கள் போதும். முதல் இருவரைத் தெரிந்தவர்கள் மூலமே பிடிக்கலாம். அதற்குப் பிறகு பேசுவது உங்கள் வாய் அல்ல, தேதி தவறாத உங்கள் வேலை.

பதிவேடு விற்பனை உங்களுக்கு வேண்டாம். 100 ரூபாய்க்கு விற்கும் பதிவேட்டை அச்சடிக்க 60 ரூபாய் ஆகிறது, 100 பிரதி அடித்தீர்கள் என்று வையுங்கள். முதல் 60 விற்றால்தான் போட்ட பணமே திரும்பும். லாபம் முழுவதும் கடைசி 40இல் இருக்கிறது, அலமாரியில் தங்கிவிடுவதும் பெரும்பாலும் அந்த 40தான். அச்சகத்திடம் விலை குறைக்கவும் கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்கவும் தெரிந்தவருக்கே இது ஒத்துவரும்.

ஆகவே சேவையில் தொடங்குங்கள். இதில் உங்களைப் போன்றவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்." பேரம் பேசத் தெரியாதவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மாதம் பத்து மணி நேரம் என்று நினைத்த வேலை பதினாறாகும், கட்டணம் மட்டும் அப்படியே நிற்கும். மாதம் எத்தனை பதிவுகள், எந்தெந்த அறிக்கைகள், கூடுதல் வேலைக்கு என்ன கட்டணம் என்று முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை, அந்தத் தாளைக் காட்டினால் போதும். செலவிட்ட நேரத்தையும் குறித்து வாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து மதிப்பீட்டைத் தாண்டினால் கட்டணத்தை மாற்றுங்கள்.

டெம்ப்ளேட் ஆசையை விட வேண்டாம். மூன்று வாடிக்கையாளர்கள் தனித்தனியாக ஒரே அட்டவணையைக் கேட்டால் (வரவேண்டிய பாக்கிப் பட்டியல் பெரும்பாலும் அப்படித்தான் வரும்) அதையே செம்மை செய்து விற்பனைக்கு வையுங்கள். வாங்கியவர் ஃபார்முலாவை அழித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுவார். ஃபார்முலா உள்ள கட்டங்களைப் பூட்டிவிட்டு விற்றால் அந்தக் கடிதங்களில் பாதி வராது.

வேலையை விடுவதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வெளியே கணக்கு எழுதக் கூடாது என்று அதில் இருந்தால், முதல் வாடிக்கையாளரை ஏற்கும் முன்பே மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.